கடைக்காரரிடம் இருப்பது எந்தக் கொப்பி? வேர்ஷன் இலக்கமும் பில்ட் இலக்கமும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் கடைகளுக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக் கொடுக்கும் சின்னக் குழுக்கள் கேட்டவை இவை. பென்ட்ரைவிலும் வட்ஸ்அப்பிலும் கொப்பி போகும் இடங்களை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. `kadai.exe`, `vat.dll` என்பவை உதாரணப் பெயர்கள்.

வேர்ஷன் நம்பரும் பில்ட் நம்பரும் ஒண்டுதானே? ஏன் ரெண்டு வச்சிருக்க வேணும்?

வேர்ஷன் இலக்கம் நீங்கள் முடிவுசெய்து வைப்பது. 3.2.0 என்றால் இன்னின்ன வசதிகள் உள்ள வெளியீடு என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிறீர்கள். பில்ட் இலக்கத்தை யாரும் முடிவுசெய்வதில்லை. மூலநிரலிலிருந்து ஃபைலைக் கட்டும் ஒவ்வொரு தடவையும் அது தானாக ஒன்று கூடும். ஒரே 3.2.0 வெளிவரும் முன் உங்கள் ஒபிஸில் இருபது தரம் கட்டப்பட்டிருக்கலாம். அந்த இருபதும் வேறு வேறு ஃபைல்கள்.

மருந்து அட்டையைப் பாருங்கள். பெயரும் மில்லிகிராமும் எல்லா அட்டையிலும் ஒன்று, பட்ச் இலக்கம் மட்டும் வேறு. ஒரு பட்சில் பிழை வந்தால் திருப்பி எடுப்பது அந்த இலக்கத்தை வைத்துத்தான்.

பெரிய நிறுவனங்களும் இதே இடத்தில் நின்றிருக்கின்றன. விண்டோஸ் 95 என்ற ஒரே பெயரில் பல கொப்பிகள் வெளியில் இருந்தன. System பெட்டியில் `4.00.950` என்று காட்டும் கொப்பிக்கு FAT32 வன்தட்டு தெரியாது. `4.00.950 B` என்று காட்டுவதற்குத் தெரியும். போனில் உதவி சொல்பவருக்கு அந்த ஒற்றை B போதுமாக இருந்தது.

ரெண்டு கடையிலயும் 3.2.0 எண்டுதான் காட்டுது. சாவகச்சேரிக் கடையில கணக்குச் சரி. சுன்னாகத்து மொத்தக்கடையில வற் ஒரு சதம் பிழைக்குது எண்டு சொல்லினம். எப்பிடி ஒரே வேர்ஷன் ரெண்டு கணக்குப் போடும்?

ஒரே வேர்ஷன் இரண்டு கணக்குப் போடாது. உங்களிடம் 3.2.0 என்ற பெயரில் இரண்டு ஃபைல்கள் இருக்கின்றன. வற் 2024 ஜனவரி 1 முதல் 15 சதவீதத்திலிருந்து 18 ஆனபோது டிசம்பர் கடைசியில் ஒரு 3.2.0 அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். அடுத்த கிழமை ஒரு சின்னத் திருத்தத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியதாகவும், "அதே வேர்ஷன்தான், மாத்திப் போடுங்கோ" என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் எது எங்கே இருக்கிறது என்று தெரியும். ஒவ்வொன்றும் 125 ரூபா 35 சதம் விலையுள்ள மூன்று வெவ்வேறு சாமான்களை ஒரே பில்லில் போடச் சொல்லுங்கள். ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியாக 18 சதவீதம் எடுத்தால் 22.563 வரும். அதை 22.56 ஆக்கி மூன்றையும் கூட்டினால் 67.68. மொத்தத்துக்கு ஒரே தரமாக எடுத்தால் 376.05 இன் 18 சதவீதம் 67.689, அது 67.69 ஆகும். உங்கள் முதல் ஃபைல் வரிவரியாக முழுமைப்படுத்தியது. இரண்டாவது மொத்தத்தில் முழுமைப்படுத்துகிறது. ஆகவே 67.68 என்று பில் வரும் கடை திருத்தத்தை வாங்காத கடை.

இந்தப் பரீட்சை பில் ஒரு அவசர வழி. ஒரு பிழைக்கு மட்டுமே உதவும், அடுத்த பிழைக்கு வேறொரு பில் யோசிக்க வேண்டும். உறுதியான வழி ஃபைலின் ஹாஷை எடுத்துப் பார்ப்பது. கடைக் கணினியில் எனிடெஸ்க் போட்டு, வற் கணக்குப் போடும் ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் இதைத் தட்டுங்கள்:

```
certutil -hashfile vat.dll SHA256
```

வரும் நீண்ட இலக்கத்தை, நீங்கள் அனுப்பிய இரண்டு ஃபைல்களின் ஹாஷோடு ஒப்பிடுங்கள். ஒரு பைட் மாறினாலும் ஹாஷ் முற்றாக மாறிவிடும் என்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. ஆனால் நீங்கள் அனுப்பிய அதே ஃபைல்கள் கையில் இருக்க வேண்டும். மூலநிரலை இன்றைக்கு இன்னொரு கணினியில் மறுபடி கட்டிவிட்டு ஹாஷ் ஒத்துவரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். உங்களுக்கு நல்ல காலம், வட்ஸ்அப் உரையாடலில் அனுப்பிய ஃபைல் கிடக்கலாம். முதலில் அதைத் தரவிறக்கி ஒரு பாதுகாப்பான இடத்தில் வையுங்கள்.

பிறகு உங்கள் பதிவேட்டில் முதலாவதை "3.2.0 அ", இரண்டாவதை "3.2.0 ஆ" என்று குறித்து, பக்கத்தில் ஹாஷையும் எழுதுங்கள். இது உங்களுக்குள் வைத்துக்கொள்ளும் பெயர், கடைத் திரையில் தெரியாது. எந்தக் கடையில் எது என்று ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டு திரியவும் தேவையில்லை. இரண்டையும் விட மேலே 3.2.1 என்று பில்ட் இலக்கத்தோடு ஒன்றைக் கட்டி எல்லாக் கடைக்கும் கொடுங்கள். அதற்குப் பிறகு திரையில் வெறும் 3.2.0 என்று யாராவது சொன்னால், அது அ என்றாலும் ஆ என்றாலும் பதில் ஒன்றுதான்: 3.2.1 போடுங்கோ.

ஒரு வரிதான் மாத்தினது. அதுக்கும் நம்பர் மாத்த வேணுமோ?

பில்ட் இலக்கம் எப்போதும் மாற வேண்டும். அதில் பேச்சே இல்லை. வேர்ஷன் இலக்கத்தைப் பற்றித்தான் யோசிக்க இடமுண்டு. உங்கள் ஒபிஸ் வாசலைத் தாண்டிய ஃபைலின் இலக்கம் செலவாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கடைக்கு, ஒரே ஒரு மணித்தியாலம் போயிருந்தாலும் அப்படித்தான். போன ஃபைலில் எழுத்துப் பிழை திருத்தினால்கூட கடைசி இலக்கத்தைக் கூட்டி 3.2.2 ஆக்குவதே என் பழக்கம். இலக்கங்களுக்குப் பஞ்சம் இல்லை.

வாசலைத் தாண்டாத, உங்களுக்குள் சோதித்த கட்டல்களுக்கு வேர்ஷனை மாற்றத் தேவையில்லை. அங்கே பில்ட் இலக்கம் மட்டும் ஓடட்டும். ஆகவே வெளியே 3.2.1 பில்ட் 418 போன பிறகு அடுத்து 3.2.2 பில்ட் 425 போகலாம். நடுவில் ஆறு எங்கே என்று யாரும் கேட்கப் போவதில்லை. வேர்ஷன் மாறும்போது பில்ட்டை மறுபடி 1 இலிருந்து தொடங்கும் ஆட்களும் இருக்கிறார்கள். நான் வேண்டாம் என்பேன். தொடர்ந்து ஏறிக்கொண்டு போனால் "425" என்ற ஒரு இலக்கமே ஃபைலைச் சொல்லிவிடும்.

பில்ட் நம்பரை எங்கயிருந்து எடுக்கிறது? அண்டைய திகதியையே போட்டா லேசுதானே?

லேசுதான், ஆனால் விண்டோஸில் இடம் போதாது. ஒரு exe இன் ஃபைல் வேர்ஷன் நான்கு இலக்கங்கள் கொண்டது. ஒவ்வொன்றும் 16 பிட், அதாவது உச்சம் 65535. 20240115 அதற்குள் அடங்காது. ஆண்டின் கடைசி இரண்டு இலக்கத்தோடு அது ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைச் சேர்த்து 24015 என்று எழுதினால் அடங்கும். ஆனால் ஒரே நாளில் இரண்டு தரம் கட்டினால் இரண்டுக்கும் ஒரே இலக்கம். அவசரத் திருத்தம் வரும் நாட்களில்தான் ஒரே நாளில் இரண்டு தரம் கட்டுவோம். தேவைப்படும் நாளில் கைவிடும் முறை எதற்கு?

கிட் பாவிப்பவர்கள் `git rev-list --count HEAD` என்று கமிட்களை எண்ணுவார்கள். ஒரே கிளையில் வேலை செய்யும்வரை அது நல்லது. இரண்டு கிளைகளில் ஒரே எண்ணிக்கை வரலாம் என்பதையும், தானியங்கிச் சேவைகள் சில கடைசிக் கமிட்டை மட்டும் இறக்குவதால் எண்ணிக்கை 1 என்று வந்து நிற்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் இடத்துக்கு நான் சொல்வது இதைவிடப் பழைய முறை. கட்டுவதற்கு என்று ஒரு கணினி, அதில் எண்ணும் ஃபைல் ஒன்று, ஒரு சின்ன ஸ்கிரிப்ட்.

```
$n = [int](Get-Content D:\build.txt) + 1
Set-Content D:\build.txt $n
git tag -a "b$n" -m "3.2.1 build $n"
git push origin "b$n"
dotnet publish -c Release "-p:FileVersion=3.2.1.$n"
```

`build.txt` மூலநிரலோடு சேர்ந்து இருக்கக்கூடாது. கட்டும் கணினியில் தனியாக இருக்கட்டும். வன்தட்டு போனாலும் கடைசி இலக்கம் தொலையாது, ஏனென்றால் கிட் டேக்கில் b418 என்று இருக்கிறது. கட்டல் இடையில் பிழைத்து நின்றால் அந்த இலக்கம் வீணாகட்டும், திருப்பி எடுக்க வேண்டாம். அந்த டேக்தான் ஆறு மாதம் கழித்து ஒருவர் 418 என்று சொல்லும்போது அதே மூலநிரலை உங்கள் முன்னே கொண்டுவந்து வைக்கும்.

சில நேரம் என்ர லப்டொப்பிலயே கட்டி நேர கடைக்குக் குடுத்திடுவன். அதுக்கு என்ன நம்பர்?

கொடுக்காமல் இருப்பது நல்லது. கமிட் செய்யாத மாற்றங்களோடு கட்டிய ஃபைலுக்கு உலகத்தில் மூலநிரலே இல்லை, அது உங்கள் லப்டொப்பில் அந்தப் பின்னேரம் மட்டும் இருந்தது. கட்டாயம் என்றால் கீழேயுள்ள கட்டளை தரும் வரியை லொக் ஃபைலிலும் About பெட்டியிலும் காட்டும்படி செய்யுங்கள்:

```
git describe --tags --dirty
```

`b418-3-g5e1c0a7-dirty` என்று வந்தால், 418 க்குப் பிறகு மூன்று கமிட், நிற்கும் கமிட் 5e1c0a7, அதற்கு மேல் கமிட் செய்யாத மாற்றமும் உண்டு என்று அர்த்தம். g என்பது கிட்டைக் குறிக்கும் எழுத்து, கமிட்டின் பகுதி அல்ல. கடையிலிருந்து வரும் படத்தில் dirty என்று கண்டால் மேலே ஆராய வேண்டாம். முறையாகக் கட்டிய ஒன்றைப் போட்டுவிட்டு, பிழை இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

நம்பர் எல்லாம் வச்சிருக்கிறம். ஆனா போன்ல கேட்டா "புதுசுதான் தம்பி, போன மாசம் போட்டது" எண்டுதான் சொல்லினம். எப்பிடி வாங்கிறது?

About பெட்டிக்குள் ஒளித்து வைத்தால் அப்படித்தான் நடக்கும். அந்த மெனுவைக் கடைக்காரர் வாழ்நாளில் திறந்திருக்க மாட்டார். சனக் கூட்டம் நிற்கும் நேரத்தில் மெனுவுக்கு வழி சொல்லவும் முடியாது. எப்போதும் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்: ஜன்னலின் தலைப்பு வரியிலும், லொகின் திரையிலும். அப்போது பேச்சு இப்படிப் போகும்:

"அண்ணை, திரையில ஆக மேல, கடைப் பெயருக்குப் பக்கத்தில ஒரு நம்பர் இருக்கு. வாசியுங்கோ."
"மூண்டு புள்ளி ரெண்டு புள்ளி ஒண்டு... பில்ட் நாநூற்றுப் பதினெட்டு."
"சரி அண்ணை, காணும்."

போனில் வாசிக்கும் பகுதியில் எழுத்து வரக்கூடாது. கிட்டின் 5e1c0a7 போன்ற குறியீட்டைச் சொல்லச் சொன்னால், இந்தப் பக்கம் இருப்பவர் பீயா டீயா, சைபரா ஓவா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அது லொக் ஃபைலுக்கு உரியது.

எனக்கு ஆகப் பிடித்த இடம் பில்லின் அடி. நன்றி வரிக்குக் கீழே, சின்ன எழுத்தில் `3.2.1/418` என்று அச்சிடுங்கள். கடைக்காரர் பிழையான பில்லைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பும்போது, எந்தக் கொப்பி அந்தப் பில்லை அடித்தது என்பது படத்திலேயே இருக்கும். இன்றைக்குக் கணினியில் இருப்பதை அல்ல, அந்தப் பில்லை அடித்த நேரத்தில் இருந்ததை அது சொல்கிறது. போன மாதத்துப் பில் பற்றிய முறைப்பாட்டில் இந்த வித்தியாசம் பெரிது. இரண்டு கவுண்டர் உள்ள கடையில் ஒன்றை மட்டும் புதுப்பித்திருந்தாலும் இரண்டு பில்லையும் பக்கத்தில் வைத்தால் பிடிபடும்.

மென்பொருள் திறக்கவே இல்லையெண்டா?

`kadai.exe` மேல் வலது கிளிக் செய்து Properties, அதில் Details. File version என்ற வரியில் 3.2.1.418 இருக்கும். எனிடெஸ்க்கில் இருந்தால் பவர்ஷெல்லில் இது:

```
(Get-Item .\kadai.exe).VersionInfo.FileVersion
```

ஃபைலின் திகதியை மட்டும் நம்ப வேண்டாம். விண்டோஸில் ஒரு ஃபைலைக் கொப்பி பண்ணினால் Created என்பது கொப்பி பண்ணிய நேரமாக மாறிவிடும், Modified பழையபடியே நிற்கும். ஃபைலின் பெயரையும் நம்ப வேண்டாம். `kadai_new_final(2).exe` என்ற பெயர், இதே பெயரில் ஏற்கெனவே இரண்டு இறங்கியிருக்கின்றன என்பதற்கு மேல் எதையும் சொல்லாது.

418 எண்டு காட்டுது. ஆனா 418 இல திருத்தின பிழை இன்னும் வருது. நம்பரே பொய் சொல்லுமோ?

சொல்லும், கொப்பி கலந்திருந்தால். `kadai.exe` ஐ மட்டும் வட்ஸ்அப்பில் அனுப்பி, கடைக்காரர் பழையதன் மேல் போட்டிருப்பார். தலைப்பு வரி exe இன் இலக்கத்தைக் காட்டுகிறது. கணக்குப் போடுவதோ பக்கத்தில் கிடக்கும் பழைய `vat.dll`. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, திரையும் ஒரு வகையில் பொய் சொல்லவில்லை. ஆனால் அவரிடம் இருப்பது நீங்கள் ஒருபோதும் கட்டாத ஒரு கொப்பி.

மென்பொருள் தொடங்கும்போது தன் பக்கத்தில் உள்ள உங்கள் dll ஒவ்வொன்றின் ஃபைல் வேர்ஷனையும் தானே வாசித்து ஒப்பிடட்டும். எல்லாம் 418 என்றால் வெறும் 418. இல்லாவிட்டால் தலைப்பு வரியிலேயே `418 !vat 412` என்று வரட்டும். சில வரிகள்தான் எழுத வேண்டியிருக்கும். மேலேயுள்ள ஸ்கிரிப்டில் இலக்கம் கட்டளை வரியிலிருந்து வருவதால், project ஃபைலில் தனி FileVersion எழுதியிருந்தாலும் அதை மேவி, சேர்ந்து கட்டப்படும் எல்லா dll க்கும் ஒரே இலக்கம் விழும். வேறு ஆட்கள் எழுதிய dll களை இந்த ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள், அவற்றுக்கு அவற்றின் இலக்கம்.

செட்டப் ஃபைலாக் குடுத்தா இந்தக் கரைச்சல் இல்லைத்தானே?

கலப்புக் குறையும். வேறொரு குழி இருக்கிறது. எம்எஸ்ஐ செட்டப்பின் `ProductVersion` இல் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே விண்டோஸ் இன்ஸ்டோலர் பார்க்கிறது. 3.2.1.418 உம் 3.2.1.425 உம் அதற்கு ஒன்றுதான், ஆகவே 425 ஐப் புதுப்பிப்பாக எடுக்காது. நான்காவது இடத்தில் பில்ட் வைப்பவர்கள், வெளியே போகும் ஒவ்வொரு செட்டப்புக்கும் மூன்றாவது இலக்கத்தையும் கூட்டியே ஆகவேண்டும். முதல் இரண்டு பகுதிகளின் உச்சம் 255 என்பதால், 2024.1 என்று ஆண்டை முன்னுக்கு வைக்கும் ஆசை உள்ளவர்கள் இங்கே முட்டிக்கொள்வார்கள். 24.1 என்று வைத்தால் பிரச்சினை இல்லை.

3.9 க்குப் பிறகு 3.10 விட்டம். "உங்களிடம் புதியது உள்ளது" எண்டு சொல்லி அப்டேட்டை எடுக்குதில்லை.

இலக்கங்களை எழுத்தாக ஒப்பிட்டிருக்கிறீர்கள். எழுத்தாகப் பார்த்தால் "3.10" இல் புள்ளிக்குப் பின் 1, "3.9" இல் 9, ஆகவே 3.9 பெரிது. புள்ளியில் பிரித்து ஒவ்வொரு பகுதியையும் எண்ணாக ஒப்பிட வேண்டும். டொட்நெட்டில் `Version.Parse` அதைச் செய்துதரும். இன்னும் லேசான வழி பில்ட் இலக்கத்தை மட்டும் ஒப்பிடுவது: 425, 418 ஐ விடப் பெரிது, முடிந்தது. ஏற்கெனவே வெளியில் இருக்கும் 3.9 கொப்பிகள் 3.10 ஐப் புதியதென்று ஒருபோதும் ஏற்காது. அவற்றுக்கு 4.0 என்று பெயர் வைத்து விடுவதுதான் ஆகக் குறைந்த அலைச்சல்.

கடை முதலாளி பாக்கிறதுக்கு அன்ட்ரொயிட் அப் ஒண்டும் இருக்கு. அதுக்கும் இதேதானோ?

அங்கே இரண்டையும் அன்ட்ரொயிடே பிரித்து வைத்திருக்கிறது. `versionName` மனிதருக்கு, எதையும் எழுதலாம். `versionCode` முழு எண். புதியதா பழையதா என்று போன் பார்ப்பது இதை மட்டும்தான். ஒரு தரம் ஏற்றிய versionCode ஐ பிளே ஸ்டோர் மறுபடி ஏற்காது, ஆகவே இரண்டு ஃபைலுக்கு ஒரே இலக்கம் என்ற பிழையை அது உங்களைச் செய்யவே விடாது. நேரடியாக ஏபிகே அனுப்புபவர்களுக்கு அந்தக் காவல் இல்லை. உச்சம் 2100000000. 2024011501 என்று திகதியோடு இரண்டு இலக்கம் சேர்த்தாலும் அடங்கும், விண்டோஸில் முடியாதது இங்கே முடியும். ஆனாலும் அந்த `build.txt` எண்ணிக்கையையே இங்கேயும் பாவியுங்கள். திகதியை ஒருமுறை வைத்துவிட்டால் பிறகு 418 க்கு இறங்க வழியில்லை. போன் குறைந்த versionCode ஐ மேலே போட விடாது. பழைய அப்பை அழித்துவிட்டுப் போட்டால் அதிலிருந்த தரவும் சேர்ந்து போய்விடும்.